தீப்பிடித்த வீட்டில் அம்மாவா, அறிஞரா?

1793-இல் வில்லியம் காட்வின் என்ற ஆங்கிலச் சிந்தனையாளர் அரசியல் நீதியைப் பற்றிப் பெரிய நூல் ஒன்றை எழுதினார். அதில் ஒரு வீடு தீப்பற்றி எரிகிறது. உள்ளே இரண்டு பேர். ஒருவர் பிரான்ஸின் காம்ப்ரே நகரப் பேராயர் ஃபெனலோன். ஆயிரக்கணக்கான வாசகர்களுக்கு நன்மை செய்ததாகக் காட்வின் கருதிய ஒரு நூலை எழுதியவர். இன்னொருவர் அவர் வீட்டுப் பணிப்பெண். ஒருவரை மட்டும்தான் காப்பாற்ற முடியும். ஃபெனலோன் உயிரோடிருந்தால் பலர் பயனடைவார்கள், எனவே அவரைத்தான் காப்பாற்ற வேண்டும் என்கிறார் காட்வின். அதோடு நிறுத்தியிருந்தால் பெரிய சர்ச்சை வந்திருக்காது. அந்தப் பணிப்பெண் என் மனைவியாகவோ தாயாகவோ இருந்தால் என்ன செய்வது என்று அவரே கேட்டு, அப்போதும் பதில் மாறாது என்றார். அவள் 'என்' தாய் என்பதால் மட்டும் எது சரி என்பது மாறிவிடுமா என்பது அவர் வாதம்.

படித்தவர்கள் கொதித்துப் போனார்கள். 1796-இல் வந்த இரண்டாம் பதிப்பில் பணிப்பெண்ணின் இடத்தில் ஒரு பணியாளன் வந்தான்; தாயும் மனைவியும் இருந்த இடத்தில் தந்தையும் சகோதரனும் வந்தார்கள். வாதம் மட்டும் அப்படியே இருந்தது.

நடுநிலை அறக்கோட்பாடு என்று தத்துவத்தில் சொல்வதன் கூர்மையான வடிவம் இதுதான். ஒவ்வொருவரின் நலனுக்கும் ஒரே எடை. அவர் எனக்கு யார் என்பது அந்த எடையைக் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. காட்வினுக்கு முன்பும் பின்பும் இதைப் பலர் சொல்லியிருக்கிறார்கள். மொத்த நன்மையை எது அதிகமாக்குகிறதோ அதுவே சரியான செயல் என்னும் பயன்பாட்டுவாதம் இதன்மேல்தான் நிற்கிறது.

முதன்முறை கேட்கும்போது இது கல்நெஞ்சக்காரர்களின் கோட்பாடு மாதிரி தெரியும். ஆனால் இதற்குள் ஓர் ஆழமான நியாயம் இருக்கிறது. என் குழந்தையின் வலி எனக்குப் பெரிது. பக்கத்தில் நிற்பவரின் குழந்தையின் வலி அவருக்கு அதே அளவு பெரிது. இரண்டு வலியும் வலிதான். என் குழந்தை என்பதற்காக அதன் வலி உலகத்தில் கூடுதல் வலியாகிவிடாது. இதை மறுப்பது கடினம். ஆகவே கேள்வி இதுதான்: இந்த உண்மையை ஏற்றுக்கொண்ட பிறகும், என் வீட்டாருக்கும் நண்பர்களுக்கும் நான் முன்னுரிமை கொடுக்கலாமா?

"நடுநிலைக் கோட்பாடு சாதாரண மனிதரிடம் அளவுக்கு மீறிக் கேட்கிறது" என்று பலர் சொல்கிறார்கள். இந்த ஒரு வாக்கியத்துக்குள் இரண்டு புகார்கள் இருக்கின்றன. முதலாவது, அது என்னிடமிருந்து பணம், நேரம், உழைப்பு என்று ஏராளமாக எடுத்துக்கொள்கிறது என்பது. இரண்டாவது, அது எதையும் எடுக்காவிட்டாலும்கூட என் ஆட்களைப் பற்றித் தவறான விதத்தில் என்னை யோசிக்க வைக்கிறது என்பது. இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் இந்த விவாதம் அடிக்கடி சுற்றிச் சுற்றி வருகிறது. தனித்தனியாகப் பார்ப்போம்.

முதல் புகாருக்கு உயிர் கொடுத்தது தத்துவவாதி பீட்டர் சிங்கரின் வாதம். 1971-இல் கிழக்கு வங்கத்திலிருந்து லட்சக்கணக்கானோர் அகதிகளாக வெளியேறிய நேரத்தில் எழுதி, 1972-இல் அவர் வெளியிட்ட கட்டுரையில் ஆழமில்லாத குளம் ஒன்று வருகிறது. அதில் ஒரு குழந்தை மூழ்கிக்கொண்டிருக்கிறது. இறங்கித் தூக்கினால் என் துணி சேறாகும், அவ்வளவுதான். தூக்க வேண்டும் என்பதில் யாருக்கும் சந்தேகம் வராது. சரி, அப்படியென்றால் தூரத்தில் பட்டினியால் சாகும் குழந்தைக்குப் பணம் அனுப்புவதும் அதே மாதிரி கடமைதானே? தூரம் என்பது அறத்தில் ஏன் எடை பெற வேண்டும்?

சிங்கர் இந்த விதியை இரண்டு விதமாகச் சொன்னார். கடுமையான விதிப்படி, ஒரு தீங்கைத் தடுக்க என்னால் முடியும், அதனால் நான் இழப்பது அந்தத் தீங்குக்கு ஈடான ஒன்று அல்ல என்றால், தடுத்தே ஆக வேண்டும். தளர்ந்த விதிப்படி, அறநோக்கில் முக்கியமான எதையும் இழக்காத அளவுக்குச் செய்தால் போதும். சிங்கருக்குக் கடுமையானதுதான் சரியென்று பட்டது.

பாரம் எங்கிருந்து வருகிறது என்பதைக் கவனியுங்கள். ஒரு குழந்தைக்காக நான் இழப்பது கொஞ்சம்தான். ஆனால் குளம் ஒன்றல்ல. ஒரு குழந்தையைக் கரையேற்றியதும் அடுத்த குளத்தில் இன்னொன்று தெரிகிறது. ஒவ்வொரு முறையும் "இந்த ஒரு தடவை கொஞ்சம்தானே" என்பது உண்மை. எல்லாவற்றையும் கூட்டினால், உதவி பெறுபவரின் நிலைக்கு நானே இறங்கும் வரை கொடுக்க வேண்டியிருக்கும்.

இதை ஓர் ஆளை வைத்துப் பார்த்தால் தெளிவாகும். சம்பளத்துக்கு வேலை பார்க்கும் ஒரு பெண்ணைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். கையில் ஆறு மாதச் சம்பளம் சேமிப்பாக இருக்கிறது. அவளுடைய தம்பிக்கு வேலை போய்விட்டது; கடன் ஏறிக்கொண்டிருக்கிறது; பிள்ளைகளின் படிப்பு நின்றுவிடும் நிலை. அந்தச் சேமிப்பைக் கொடுத்தால் தம்பி எழுந்து நின்றுவிடுவான். அதே தொகையை நம்பகமான ஒரு தொண்டு அமைப்புக்குக் கொடுத்தால், முகம் தெரியாத பலருக்கு இதைவிட அவசரமான உதவி கிடைக்கும். விளக்கத்துக்காக மட்டும் எண்களை வைத்துக்கொள்வோம்: தம்பி குடும்பத்துக்குக் கிடைக்கும் நன்மை 10, அந்நியர்களுக்குக் கிடைப்பது 40.

காட்வினின் பதில் சட்டென்று வந்துவிடும்: 40 பெரியது, அந்நியர்களுக்குக் கொடு. பயன்பாட்டுவாதிகளிலேயே மென்மையானவர்கள் ஒரு சமாதானம் சொல்வார்கள். தம்பியின் தேவை அவளுக்குத் துல்லியமாகத் தெரியும், உதவி வீணாகாது, அவரவர் தத்தம் ஆட்களைக் கவனித்தால் உலகம் மொத்தமாக நன்றாகவே நடக்கும் என்பார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜான் ஸ்டூவர்ட் மில்லும் ஏறக்குறைய இப்படித்தான் சொன்னார்: பெரிய அளவில் பொது நன்மை செய்யும் வாய்ப்பு ஆயிரத்தில் ஒருவருக்குத்தான் வாய்க்கும், மற்றவர்கள் தம்மைச் சுற்றியுள்ள சிலரின் நலனைப் பார்த்தால் போதும். அவர் காலத்துக்கு அது ஓரளவு பொருந்தியிருக்கலாம். இன்று சம்பளம் வாங்கும் எவரும் இருந்த இடத்திலிருந்தே உலகின் இன்னொரு மூலைக்குப் பணம் அனுப்பலாம். வீணாவதையெல்லாம் கழித்த பிறகும் 40 என்றால் மில்லின் சமாதானம் எடுபடாது.

1982-இல் சாமுவேல் ஷெஃப்லர் என்ற தத்துவவாதி வேறு வழி சொன்னார். ஒவ்வொரு மனிதரும் தன் வாழ்க்கையையும் தனக்கு முக்கியமானவற்றையும் தன் இடத்திலிருந்துதான் பார்க்கிறார். அறம் இதைக் கண்டுகொள்ளாமல் இருக்கக் கூடாது. ஆகவே எனக்கு நெருக்கமானவற்றுக்கு ஓர் எல்லை வரை கூடுதல் எடை கொடுக்க எனக்கு உரிமை உண்டு. நம் கணக்கில் அந்தக் கூடுதல் எடை ஐந்து மடங்கு என்று வைத்துக்கொள்வோம். தம்பியின் 10 இப்போது 50 ஆகிறது. அது 40-ஐவிட அதிகம், எனவே அவள் தம்பிக்குக் கொடுக்கலாம். அந்நியர்களுக்குக் கிடைப்பது 200 என்றால் தம்பிக்குக் கொடுக்கக் கூடாது. நம் இயல்பான உணர்வோடு இது நன்றாகவே ஒத்துப்போகிறது: சொந்தத்துக்குச் சலுகை உண்டு, ஆனால் அளவில்லாத சலுகை இல்லை.

இதில் இரண்டு ஓட்டைகள் இருக்கின்றன. ஒன்றை ஷெல்லி கேகன் காட்டினார். என் நலனுக்கு ஐந்து மடங்கு எடை கொடுக்கலாம் என்றால், உதவாமல் இருப்பதற்கு மட்டுமல்ல, தீங்கு செய்வதற்கும் அது அனுமதியாகிவிடும். எனக்கு 10 கிடைப்பதற்காக இன்னொருவருக்கு 40 அளவுக்குக் கேடு விளைவித்தாலும் கணக்கு இடிக்காது. அதைத் தடுக்க வேண்டுமானால், தீங்கு செய்யக் கூடாது என்ற விதியைத் தனியாக வேறிடத்திலிருந்து கொண்டுவந்து ஒட்ட வேண்டும்.

இரண்டாவது ஓட்டை, என் பார்வையில், இன்னும் ஆழமானது. ஷெஃப்லரின் உரிமை ஓர் அனுமதிச் சீட்டு மட்டுமே. தம்பிக்குக் கொடுக்கலாம் என்கிறது. கொடுக்க வேண்டும் என்று சொல்லவில்லை. அந்த அக்கா தம்பியைக் கைவிட்டு முழுத் தொகையையும் அந்நியர்களுக்கு அனுப்பிவிட்டால், இந்தக் கோட்பாட்டில் அவள் தன் சலுகையை விட்டுக்கொடுத்த பெருந்தன்மைக்காரி. ஆனால் தம்பியின் இடத்தில் நின்று பாருங்கள். அவன் அவளைப் பாராட்டுவானா, என்னைக் கைவிட்டுவிட்டாயே என்று கேட்பானா? அப்படிக் கேட்பதில் நியாயம் இருக்கிறது. நெருக்கமானவர்களுக்கு நாம் செய்வது பல நேரங்களில் நமக்குக் கிடைத்த சலுகையாகத் தோன்றுவதில்லை. அவர்களுக்கு நாம் பட்ட கடனாகத்தான் தோன்றுகிறது. நண்பன் மருத்துவமனையில் இருக்கும்போது போய்ப் பார்ப்பது எனக்குப் பிடித்த பொழுதுபோக்கு அல்ல. போகாவிட்டால் நான் அவனுக்குத் தவறு இழைக்கிறேன். பற்று என்பதை அவரவர் விருப்பத்தின் ஒரு பகுதியாக மட்டும் கணக்கில் சேர்க்கும் எந்தக் கோட்பாட்டுக்கும் இது பிடிபடாது.

லியாம் மர்ஃபி 2000-இல் வேறொரு எல்லைக்கோடு போட்டார். எல்லோரும் தம் பங்கைச் செய்தால் என் பங்குக்கு எவ்வளவு வருமோ, அவ்வளவுதான் என் கடமை; மற்றவர்கள் ஏமாற்றுவதால் என் சுமை கூடக் கூடாது. கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் குளத்தில் இரண்டு குழந்தைகள், கரையில் நாங்கள் இரண்டு பேர், மற்றவர் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார் என்றால், ஒரு குழந்தையைத் தூக்கிவிட்டு "என் பங்கு முடிந்தது" என்று நான் கிளம்ப முடியுமா? முடியாது என்றுதான் பெரும்பாலோர் சொல்வார்கள்.

முதல் புகாரைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். "அளவுக்கு மீறிக் கேட்கிறது" என்று சொல்லும்போது நாம் கொடுப்பவரின் இடத்தில் மட்டும் நின்று பேசுகிறோம். 2007-இல் டேவிட் சோபல் இதைச் சுட்டிக்காட்டினார். கொடுக்க வேண்டாம் என்று சொல்லும் அறமும் ஒருவரிடம் கேட்கத்தான் செய்கிறது: உதவி கிடைக்காமல் துன்பத்தைத் தாங்கிக்கொள் என்று, அந்தப் பக்கம் இருப்பவரிடம். அதை நாம் 'கேட்பது' என்று கணக்கில் எடுப்பதே இல்லை. சேமிப்பை இழப்பது பெரிய பாரமா, குழந்தையை இழப்பது பெரிய பாரமா? எனவே, எனக்குச் செலவு அதிகம் என்பதை மட்டும் வைத்து நடுநிலைக் கோட்பாட்டைத் தள்ளிவிட முடியாது. நான் இதை ஏற்கிறேன். ஏற்பது எனக்கு எளிதாக இல்லை என்றாலும்.

இரண்டாவது புகாரைச் செலவு கணக்கால் தீர்க்க முடியாது. 1976-இல் பெர்னார்ட் வில்லியம்ஸ் ஒரு காட்சியை எடுத்துப் பேசினார். இரண்டு பேர் ஆபத்தில் இருக்கிறார்கள். ஒருவர் அந்நியர், இன்னொருவர் காப்பாற்ற வந்தவனின் மனைவி; ஒருவரை மட்டும்தான் அவனால் காப்பாற்ற முடியும். அவன் மனைவியைக் காப்பாற்றுகிறான். ஏன் என்று கேட்டால், "இவள் என் மனைவி, அதோடு, இப்படிப்பட்ட சூழலில் மனைவியைக் காப்பாற்றுவதற்கு அறம் அனுமதிக்கிறது" என்று அவன் சொன்னால், அங்கே ஒரு எண்ணம் கூடுதலாகிவிட்டது என்றார் வில்லியம்ஸ். "இவள் என் மனைவி" என்பதோடு யோசனை முடிந்திருக்க வேண்டும். அனுமதி வாங்கிக்கொண்டு காப்பாற்றும் கணவனிடம் மனைவி எதிர்பார்த்த அன்பு இல்லை.

இந்தப் புகாரில் யாரிடமும் எதையும் பிடுங்குவதாகக் குற்றச்சாட்டு இல்லை என்பதைக் கவனியுங்கள். நடுநிலைக் கணக்கு மனைவியையே காப்பாற்றச் சொன்னாலும் புகார் நிற்கிறது. செயல் சரி, அதைச் செய்யவைத்த காரணம்தான் உறவைச் சிதைக்கிறது.

இதற்கு நான் படித்தவற்றில் மிகவும் சிரத்தையான பதில் பீட்டர் ரெயில்டன் 1984-இல் கொடுத்தது. எது ஒரு செயலைச் சரியாக்குகிறது என்பது ஒன்று; செய்யும்போது மனதில் என்ன ஓட வேண்டும் என்பது வேறொன்று. பயன்பாட்டுவாதம் முதலாவதைச் சொல்கிறது; இரண்டாவதைக் கட்டாயப்படுத்தத் தேவையில்லை. சதா கணக்குப் பார்த்துக்கொண்டே வாழ்பவர் ஆழமான உறவு எதையும் வளர்க்க முடியாது. ஆழமான உறவுகள் இல்லாத உலகத்தில் நன்மை குறைவு. எனவே நல்ல விளைவுகளை விரும்புகிறவரே, கணக்குப் பார்க்காமல் அன்பு செலுத்தும் மனிதராகத்தான் இருக்க வேண்டியிருக்கும்.

ரெயில்டனின் உதாரணத்தில் ஹுவான், லிண்டா என்ற தம்பதி வேறு வேறு ஊர்களில் வேலை பார்க்கிறார்கள். ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் சந்திப்பது வழக்கம். ஒருமுறை அவள் சோர்ந்திருப்பது தெரிந்து, அவன் முறையில்லாத வாரத்தில் கிளம்பிப் போகிறான். அந்தப் பயணச் செலவு வறண்ட கிராமம் ஒன்றில் கிணறு தோண்ட உதவியிருக்கும். அந்த ஒரு பயணத்தை மட்டும் எடுத்துக் கணக்குப் போட்டால் அவன் செய்தது தவறாகவே இருக்கலாம் என்று ரெயில்டன் மழுப்பாமல் ஒப்புக்கொள்கிறார். ஆனால் அந்த நேரத்தில் கிளம்பாமல் இருக்கக்கூடிய ஹுவானாக அவனை மாற்றினால், அவனிடமிருந்து மற்றவர்களுக்கு வரும் நன்மைகளும் குறைந்துவிடக்கூடும். அவன் மனம் அமைந்திருக்கும் விதம் சரி. அதிலிருந்து பிறந்த ஒரு செயல் மட்டும் தவறு. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கலாம்.

காட்வினே இந்தப் பக்கம் நகர்ந்தார் என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது. 1797-இல் பெண்ணுரிமைக்காக எழுதிய மேரி உல்ஸ்டன்கிராஃப்டை மணந்தார். அதே ஆண்டு மகள் பிறந்த சில நாட்களில் மேரி இறந்துபோனார். 1799-இல் வெளியான தன் நாவலின் முன்னுரையில், குடும்ப அன்பு மனித இயல்போடு பிரிக்க முடியாதது, நீதியுணர்வுக்கு அது பகை அல்ல என்று காட்வின் எழுதினார். எல்லோருடைய நலனும் சமம் என்ற அடிப்படையை அவர் கைவிடவில்லை. அன்பு அதற்குள் எங்கே நிற்கிறது என்பதைத்தான் மாற்றிப் பார்த்தார்.

ரெயில்டனின் பதிலில் ஒரு நிபந்தனை இருக்கிறது: இப்படி வாழ்வது மொத்தத்தில் நியாயமற்றது என்று தெரியவந்தால் ஹுவான் தன் வாழ்க்கையை மாற்றிக்கொள்வான். அப்படியானால் அன்பு மறைமுகமாக ஒரு சோதனைக்கு உட்பட்டதாகிவிடுகிறது, வில்லியம்ஸ் சொன்ன கூடுதல் எண்ணம் பின்வாசல் வழியாக நுழைந்துவிட்டது என்று சிலர் சொல்கிறார்கள். நான் இதில் ரெயில்டன் பக்கம். அந்தச் சோதனை பின்னணியில் இருக்கத்தான் வேண்டும். நம் கதையில் உள்ள அக்கா ஆள் எடுக்கும் அதிகாரியாக இருக்கிறாள் என்று வையுங்கள். தம்பி வந்து, "தேர்வில் எனக்கு மதிப்பெண்ணைக் கூட்டிப் போட்டுவிடு" என்கிறான். அங்கே "இவன் என் தம்பி" என்பதோடு யோசனை முடிந்துவிட்டால், அதை அன்பு என்று யாரும் மெச்சமாட்டார்கள். தீயிலிருந்து காப்பாற்றும்போது வராத எண்ணம், மதிப்பெண் போடும்போது வந்தே ஆக வேண்டும்.

இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? அவள் கையில் இருப்பது யாருடையது என்பதுதான். சேமிப்பு அவளுடையது. பதவி அவளுடையது அல்ல. விண்ணப்பித்த ஒவ்வொருவருக்காகவும் அதை அவள் வைத்திருக்கிறாள். நீதிபதி, தேர்வு திருத்துபவர், நிவாரணம் பங்கிடுபவர் எல்லோருக்கும் இது பொருந்தும். முன்னுரிமை கொடுப்பது சரியா என்று குழப்பம் வந்தால், வரிசையில் நிற்கும் மற்றவர்களிடம் நான் செய்ததை மறைக்காமல் சொல்ல முடியுமா என்று கேட்டுப் பார்க்கலாம். "என் சேமிப்பைத் தம்பிக்குக் கொடுத்தேன்" என்று அவளால் யாரிடமும் சொல்ல முடியும். "உங்கள் இடத்தைத் தம்பிக்குக் கொடுத்தேன்" என்று சொல்ல முடியாது.

அவரவர் தம் ஆட்களைப் பார்த்துக்கொள்ளட்டும் என்ற ஏற்பாட்டில் இன்னொரு சிக்கல் உண்டு, இதை அதிகம் பேர் பேசுவதில்லை. வசதியுள்ளவர்களின் உறவினர்கள் பெரும்பாலும் வசதியுள்ளவர்களே. வேலை போன இரண்டு பேரில் ஒருவருக்குச் சேமிப்புள்ள அக்கா இருக்கிறாள், இன்னொருவருக்கு யாருமே இல்லை. எல்லோரும் பற்றின்படி மட்டும் நடந்தால் முதலாமவர் எழுந்துவிடுவார், இரண்டாமவர் விழுந்த இடத்திலேயே கிடப்பார். அதில் அவர் செய்த தவறு எதுவுமில்லை. பற்றை நியாயம் என்று ஏற்றுக்கொள்கிற சமூகம், பற்றுக்கு ஆள் இல்லாதவர்களுக்குப் பொதுவில் ஓர் ஏற்பாடு செய்தாக வேண்டும்: மருத்துவம், கல்வி, வேலையிழந்தோருக்கான உதவி என்று. அந்த ஏற்பாடு பலவீனமாக இருக்கும் அளவுக்கு, தனிமனிதர் தலையில் அந்நியர்களின் உரிமைக்குரல் அதிகமாக விழும். சிங்கரின் குளங்கள் நம் கண்ணில் இத்தனை படுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இப்போது அந்த அக்காவுக்கு என்ன சொல்வது? தம்பியின் பிள்ளைகள் படிப்பை விடாமல் இருக்கவும், கடன் அவனை மூழ்கடிக்காமல் இருக்கவும் தேவையானதை அவள் கொடுக்கத்தான் வேண்டும். அது அவள் எடுத்துக்கொள்ளும் சலுகை இல்லை, அவன் அவளிடம் நியாயமாக எதிர்பார்க்கக்கூடியது. அவன் எழுந்து நின்ற பிறகு பெரிய வீட்டுக்குக் குடிபோகவும் அதே சேமிப்பைக் கேட்டால், உறவு என்ற காரணத்தின் பலம் சட்டென்று இறங்கிவிடுகிறது. அந்தப் பக்கத்தில் இருக்கும் 40 அப்படியே இருக்கிறது. மிஞ்சிய தொகையில் எவ்வளவை வெளியே அனுப்ப வேண்டும் என்பதற்கு எந்தக் கோட்பாடும் எனக்கு நம்பிக்கையான ஓர் எண்ணைத் தரவில்லை. 2009-இல் தொடங்கிய ஓர் அமைப்பு, வருமானத்தில் 10 சதவீதத்தைத் தருவதாக உறுதி எடுத்துக்கொள்ளச் சொல்கிறது; கையாள எளிதான அளவு என்பதைத் தாண்டி அந்த 10-க்குத் தத்துவக் காரணம் எதுவும் கிடையாது. ஆனால் மிஞ்சியதிலிருந்து ஒன்றுமே அனுப்பாமல் இருப்பதற்கு, தம்பியைக் காரணமாக அவளால் இனிச் சொல்ல முடியாது.